பூஞ்சைப் பிடித்த பிரம்பு நாற்காலியும் மூங்கில் பாயும்: தண்ணீரைக் குறைத்தால் மீட்கலாம்

கோல சிலாங்கூர்: ஜெராம், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சுங்கை பெசார் என வட சிலாங்கூரில் தோட்டத்திலும் தாமானிலும் வாழும் குடும்பங்களில், தாத்தா காலத்துப் பிரம்பு நாற்காலி ஒன்று இன்னும் அஞ்சடியிலோ சமையலறைக்குப் பின்னாலோ கிடக்கும். கூடவே சுருட்டி வைத்த மூங்கில் பாய் ஒன்றும் இருக்கும். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்ய இறங்கும்போதுதான் அவற்றின் நிலை கண்ணில் படும். கைப்பிடி கறுத்திருக்கும், கால்களில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கும், பாயை விரித்தால் மக்கிய வாடை அடிக்கும்.

அப்போது பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். குழாய் போட்டு நன்றாகத் தண்ணீர் அடித்து, சோப்புத் தூளைக் கொட்டித் தேய்த்து, வெளுப்புத் திரவம் ஊற்றி, நடுப்பகல் வெயிலில் காயப்போடுவார்கள். காய்ந்த பிறகு பளபளப்பு வரட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் பூஞ்சை பழைய இடத்திலேயே திரும்பி வந்துவிடும். "இனி இது தேறாது" என்று சொல்லி நாற்காலியைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள்.

உண்மையில் அந்த நாற்காலிகளில் பல தேறக்கூடியவை. அவற்றைக் கெடுப்பது அளவுக்கு மீறிய தண்ணீரும் கடைசியில் தடவும் எண்ணெயும்தான். ஏன் என்பது தெரிந்துவிட்டால் செய்ய வேண்டியது தானாகவே விளங்கும்.

பூஞ்சைக்குத் தேவை இரண்டு

புக்கிட் ரோத்தான் என்ற ஊர்ப் பெயரிலேயே பிரம்பு இருக்கிறது. மலாயில் ரோத்தான் என்றால் பிரம்பு. அது மரமல்ல, பனை இனத்தைச் சேர்ந்த கொடி. தோட்டத்து மக்கள் தினம் பார்க்கும் செம்பனைக்கு உறவு. நாற்காலியின் சட்டத்துக்குப் பெரும்பாலும் ரோத்தான் மானாவ் என்ற தடித்த வகையைப் பயன்படுத்துவார்கள். மெல்லிய ரோத்தான் செகாவின் தோலைக் கீற்றாக உரித்து இருக்கை பின்னுவார்கள், மூட்டுகளிலும் சுற்றுவார்கள்.

பிரம்பின் வெளித்தோல் வழுவழுப்பானது, தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. உள்சதை அப்படியல்ல. ஒரு பிரம்பை வெட்டி முனையைப் பார்த்தால் ஊசிக்குத்து போன்ற துளைகள் நிறைய தெரியும். அவை நீளவாக்கில் ஓடும் குழாய்கள். வெட்டுமுனை வழியாகவோ, தோல் உரிந்த இடம் வழியாகவோ, ஆணி அடித்த துளை வழியாகவோ தண்ணீர் உள்ளே போனால் அந்தக் குழாய்களில் தங்கிவிடும். மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே ஈரம் இருக்கும்.

மூங்கிலும் இப்படித்தான். அது புல் இனம். அதற்கும் வெளிப்பக்கம் வழுவழுப்பாகவும் உள்பக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். மூங்கிலின் சதையில் மாவுச்சத்து அதிகம். பூஞ்சைக்கும் வண்டுக்கும் அது பிடித்தமான உணவு.

பூஞ்சை வளர ஈரம் வேண்டும், தின்ன ஏதாவது வேண்டும். நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. 70 விழுக்காட்டுக்கு மேல் நாள் கணக்கில் நின்றாலே, காற்றோட்டமில்லாத மூலையில் பூஞ்சை தொடங்கிவிடும். ஆற்றோரத்திலும் வயல் பக்கத்திலும் உள்ள வீடுகளில் இது இன்னும் எளிது. வீட்டுக் காற்றை முழுவதும் நம்மால் உலர்த்த முடியாது. ஆனால் தீனியைக் குறைக்கலாம். கைப்பிடியில் படிந்த வியர்வை, பாயின் தலைமாட்டில் ஊறிய தலை எண்ணெய், பின்னலுக்குள் அடைந்த தூசி ஆகியவைதான் அந்தத் தீனி. ஆகவே முதலில் அழுக்கை எடுக்க வேண்டும், அதையும் குறைந்த தண்ணீரில் எடுக்க வேண்டும், பிறகு உள்வரை காய வைக்க வேண்டும்.

முதலில் எது என்ன என்று பாருங்கள்

துணியை எடுப்பதற்கு முன் நாற்காலியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். இன்று கடைகளில் பிரம்பு என்று விற்கும் பல நாற்காலிகள் பிளாஸ்டிக் கீற்றால் பின்னியவை. உண்மையான பிரம்பில் இடையிடையே கணு இருக்கும், வெட்டுமுனையில் துளைகள் தெரியும், இரண்டு கீற்றுகளின் நிறம் ஒன்றுபோல் இருக்காது. பிளாஸ்டிக்காக இருந்தால் கவலை இல்லை, சோப்புத் தண்ணீரில் தாராளமாகக் கழுவலாம். கீழே சொல்வதெல்லாம் உண்மையான பிரம்புக்கு.

அடுத்து, கறை எந்த வகை என்று பார்க்க வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் பழுப்பாக வந்துவிடுவது வெறும் அழுக்கு. வெள்ளையாகவோ பச்சையாகவோ பஞ்சுபோல் மேலே நின்று, துடைத்தால் போய்விடுவது பூஞ்சை. எவ்வளவு துடைத்தாலும் போகாமல் சாம்பல் நீலமாகப் பிரம்பின் உள்ளேயே ஓடும் கறை ஒன்று உண்டு. பிரம்பைக் காட்டில் வெட்டியவுடன் பதப்படுத்தாமல் போட்டுவைத்தால் ஒருவகைப் பூஞ்சை உள்ளே இறங்கி அந்த நிறத்தைக் கொடுத்துவிடும். அது நாற்காலி செய்வதற்கு முன்பே வந்தது. தேய்த்து எடுக்க முடியாது, அதனால் புதிய தொல்லையும் இல்லை.

கடைசியாக வண்டு. குண்டூசித் தலை அளவில் துளைகள் இருந்து, கீழே மாவு போன்ற வெளிர்த் தூள் கொட்டியிருந்தால் அது பூஞ்சை அல்ல, உள்ளே புழு தின்கிறது. சந்தேகமாக இருந்தால் இரவு நாற்காலிக்கு அடியில் கறுப்புத் தாள் ஒன்றை விரித்து வைத்துக் காலையில் பார்க்கலாம். புதிய தூள் விழுந்திருந்தால் புழு உயிரோடு இருக்கிறது. அப்படிப்பட்ட நாற்காலியை மற்ற மூங்கில், பிரம்புச் சாமான்களிலிருந்து உடனே பிரித்து வெளியே வைக்க வேண்டும். சுத்தம் செய்வது மட்டும் அதற்குத் தீர்வாகாது.

ஒரு நாற்காலி, மூன்று நாள் வேலை

சாதாரண கைவைத்த நாற்காலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு வருடம் சமையலறைக்குப் பின்னால் கிடந்தது. இரண்டு கைப்பிடிகளும் பிசுபிசுப்பாகக் கறுத்துவிட்டன. பின்கால்களின் அடியிலும் இருக்கையின் கீழ்ப்பக்கத்திலும் வெள்ளைப் பூஞ்சை. இருக்கை நடுவில் தொங்குகிறது. தேவையானவை: முகக்கவரி, ரப்பர் கையுறை, பழைய பல்துலக்கி, ஒரு அங்குலப் பெயிண்ட் பிரஷ், நாலைந்து பழைய பருத்தித் துணி, பாத்திரம் கழுவும் திரவம், வெள்ளை வினிகர், இரண்டு வாளி.

எப்போது செய்வது என்பதும் முக்கியம். மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பரில்தான் மழை அதிகம், ஏப்ரல் மே மாதங்களிலும் ஒரு சுற்று வரும். ஜனவரி பிப்ரவரியும் ஜூன் ஜூலையும் சற்று உலர்ந்தவை. தீபாவளிக்கு முதல் வாரம் கழுவினால் காய இடமே இருக்காது. மூன்று நாள் காலை வெயில் கிடைக்கும் சமயமாகப் பார்த்துத் தொடங்க வேண்டும்.

முதல் நாள் காலை எட்டு மணிக்கு நாற்காலியை வீட்டுக்கு வெளியே, காற்று முதுகுப்பக்கம் இருந்து வீசும்படி வைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த பூஞ்சையைத் துலக்கியால் தட்டினால் அதன் விதைத்தூள் பறந்து மூக்கிலும் மற்றச் சாமான்களிலும் போய் உட்காரும். எனவே வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, அதில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் பூஞ்சையை மெல்லத் துடைத்து எடுக்க வேண்டும். அந்தத் துணியை மீண்டும் வாளியில் விடாமல் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்யக் கூடாது, பக்கத்திலும் நிற்கக் கூடாது.

பிறகு பெயிண்ட் பிரஷால் பின்னலுக்குள் அடைந்த தூசியைத் தட்டி எடுக்க வேண்டும். கீழ்ப்பக்கத்தை முடித்துவிட்டு மேல்பக்கத்துக்கு வரலாம். இந்தத் தூசியை எடுக்காமல் தண்ணீர் பட்டால் அது சேறாகிப் பின்னலிலேயே ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது சோப்பு. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி போதும். கைப்பிடியில் இருப்பது வியர்வையும் எண்ணெயும் கலந்த பிசுக்கு, அதற்குப் பாத்திரச் சோப்புதான் பொருத்தம். துணியை நனைத்து, சொட்டு விழாதபடி இறுகப் பிழிந்து, பிரம்பின் நீளவாக்கில் துடைக்க வேண்டும். கைப்பிடியை முடித்து, இரண்டாவது வாளியின் சுத்தத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சோப்பை எடுத்து, உலர்ந்த துணியால் ஒற்றிய பிறகே அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். முழு நாற்காலியையும் ஒரே சமயத்தில் நனைத்துவிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தால், மூட்டுகளில் சுற்றிய கீற்றுக்குள் தண்ணீர் இறங்கிவிடும். அங்கிருந்துதான் அது கடைசியாகக் காயும், முதலில் பூஞ்சையும் அங்கேதான் திரும்பும்.

பூஞ்சை இருந்த இடங்களில் மறுபடியும் வினிகர்த் தண்ணீரைத் தடவிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, பல்துலக்கியால் மெல்லத் தேய்த்து, சுத்தத் துணியால் துடைக்க வேண்டும். வினிகர் வாடை ஓரிரு நாளில் போய்விடும். அதன் பிறகும் கறுப்புப் புள்ளிகள் நின்றால் பயப்பட வேண்டியதில்லை. பூஞ்சை போனாலும் அது விட்ட நிறம் நிற்பதுண்டு. அந்த இடத்தைப் படம் பிடித்து வைத்து, இரண்டு வாரம் கழித்து ஒப்பிடலாம். புள்ளி பெரிதாகாமல், வெள்ளைத் துணியால் தேய்த்தால் எதுவும் ஒட்டாமல் இருந்தால் அது வெறும் கறைதான்.

இந்த வேலை பத்து மணிக்குள் முடிந்துவிட வேண்டும். அப்போதுதான் மழை இறங்கும் பிற்பகலுக்கு முன் நாலு மணி நேரமாவது காற்று படும். நாற்காலியைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் இரண்டு கட்டைகளின் மேல், நிழலும் காற்றும் உள்ள இடத்தில் வைக்கலாம். காலை வெயில் நல்லது. நடுப்பகல் வெயிலில் விட்டால் வெளித்தோல் வேகமாகச் சுருங்கி வெடிக்கும், உள் ஈரம் அப்படியே நிற்கும். இரண்டு மணிக்கு உள்ளே எடுத்து, இரவு முழுவதும் மின்விசிறிக் காற்றில் வைக்க வேண்டும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் இதே போல் வெளியே வைத்து உள்ளே எடுக்க வேண்டும்.

தொங்கிய இருக்கையை இறுக்குவது

இவ்வளவு நேரம் தண்ணீர் கூடாது என்று சொல்லிவிட்டு, இங்கே மட்டும் தண்ணீர் வைக்கச் சொல்வது முரணாகத் தோன்றலாம். இருக்கையின் கீற்று மெல்லியது, ஒரு நாளில் காய்ந்துவிடும். அது நனைந்தால் உப்பும், காயும்போது சுருங்கும். அந்தச் சுருக்கம்தான் தொங்கிய பின்னலை மீண்டும் இழுத்துப் பிடிக்கிறது. தடித்த சட்டத்துக்கு இந்த வேலை பொருந்தாது.

சுத்தம் செய்த நாற்காலியை ஒரு வெயில் நாளின் காலையில் கவிழ்த்து வைக்க வேண்டும். கீற்றின் மேல்பக்கம் வழுவழுத் தோல், தண்ணீரைக் குடிக்காது. கீழ்ப்பக்கம்தான் குடிக்கும். கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, இருக்கையின் அடிப்பக்கத்தில் அரை மணி நேரம் விரித்து வைக்கலாம். கீற்று வளைந்து கொடுக்கும் அளவு இளகியதும் துண்டை எடுத்துவிட்டு, சட்டத்தில் பட்ட ஈரத்தைத் துடைத்து, காற்றில் விட வேண்டும். முழுவதும் காயும் வரை, குறைந்தது ஒரு நாளாவது, யாரும் அதில் உட்காரக் கூடாது. ஈரமாக இருக்கும்போது உட்கார்ந்தால் முன்பைவிட அதிகமாகத் தொங்கிவிடும்.

மறுநாள் விரலால் தட்டிப் பார்த்தால் பின்னல் விறைப்பாகத் தெரியும். ஓரளவு இறுகி நின்றுவிட்டால் இன்னொரு முறை செய்யலாம். கீற்று அறுந்திருந்தால் இதனால் பயனில்லை, அந்த இருக்கையைப் புதிதாகப் பின்னத்தான் வேண்டும். இருக்கையின் ஓரம் சட்டத்தின் பள்ளத்தில் பசையால் ஒட்டியிருந்தால் அந்த விளிம்பில் சூட்டுத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பசை விட்டுவிடும்.

மூங்கில் பாய்க்கு வேறு முறை

பாயில் முதலில் பார்க்க வேண்டியது ஓரத்தில் தைத்த கரைத்துணி. பல பாய்களில் மூங்கிலைவிட அந்தத் துணிதான் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வாடை அங்கிருந்தே வரும். துணி கறுத்திருந்தால் அதைத் துவைத்துக்கொண்டிருக்காமல் தையலைப் பிரித்து எடுத்துவிடுவதே நல்லது. பாய் காய்ந்த பிறகு புதிய பருத்தித் துணி வைத்துத் தைக்கலாம். பாயின் அடியில் முழுவதும் துணியோ பஞ்சோ ஒட்டியிருந்து, அதிலும் பூஞ்சை இறங்கியிருந்தால், அதைக் காப்பாற்றுவது கடினம்.

பாயைக் குச்சியால் அடிக்கக் கூடாது, கீற்று பிளந்து முள்ளாக நிற்கும். இரண்டு கொடிகளின் மேல் பாயை விரித்துப் போட்டு, மென்மையான துலக்கியால் கீற்றின் நீளவாக்கில் மட்டும் தூசியை எடுக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் இழைகள் எழும்பிவிடும்.

தலைமாட்டுக் கறைதான் பாயில் பெரிய வேலை. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வருடக்கணக்கில் ஊறிய இடம் அது. பிழிந்த துணியில் பாத்திரச் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, அந்த இடத்தில் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். உடனே சுத்தத் துணியால் துடைத்து, காயவிட்டு, மறுநாள் இன்னொரு முறை செய்யலாம். ஒரே நாளில் முழுவதும் எடுக்கப் பார்த்தால் தண்ணீர் அதிகமாகிவிடும். இரண்டு மூன்று முறையில் பிசுக்கு போய்விடும், நிறம் கொஞ்சம் மங்கலாக நிற்கும். கையை வைத்துப் பார்த்தால் ஒட்டாமல் இருந்தால் போதும்.

பூஞ்சை உள்ள இடத்தில் அதே வினிகர்த் தண்ணீர்தான். வழுவழுப்பான பக்கத்தைத் தாராளமாகத் துடைக்கலாம். சொரசொரப்பான பக்கத்தில் ஈரம் பட்டதும் படாததுமாக இருக்க வேண்டும். பிறகு கொடியிலேயே விட்டு, காலை வெயிலில் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம், அதற்குப் பிறகு நிழலில் காற்று. பாயைத் தரையில் விரித்துக் காயவைத்தால் மேல்பக்கம் காயும், அடிப்பக்கம் வேர்க்கும்.

வெளுப்புத் திரவம் ஏன் வேண்டாம்

குளோரோக்ஸ் என்று கேட்டு வாங்கும் வெளுப்புத் திரவம் ஓட்டுத் தரையிலும் குளியலறைச் சுவரிலும் நன்றாக வேலை செய்யும். பிரம்பிலும் மூங்கிலிலும் அது நிறத்தை வெளுத்துவிடுவதால் பூஞ்சை போனதாகத் தோன்றும். ஆனால் அதில் பெரும்பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் துளைகளுக்குள் இறங்கிவிடும், மருந்து மேலேயே தீர்ந்துவிடும். திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் நார் வலுவிழந்து கீற்று பொடியத் தொடங்கும்.

அதைவிட ஆபத்தான தவறு ஒன்று உண்டு. வெளுப்புத் திரவத்தையும் வினிகரையும் ஒரே வாளியிலோ, ஒன்றின் மேல் ஒன்றாகவோ பயன்படுத்தினால் குளோரின் வாயு கிளம்பும். மூச்சுக்குழாயை அது பாதிக்கும், மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்தாகலாம். நாற்காலியில் ஏற்கனவே வெளுப்புத் திரவம் ஊற்றியிருந்தால் அன்று வினிகரைத் தொடவே வேண்டாம். ஈரத்துணியால் பலமுறை துடைத்து, முழுவதும் காய்ந்த பிறகு, வேறொரு நாளில் சோப்புத் துணியோடு வேலையைத் தொடரலாம்.

வெள்ளத் தண்ணீர் பட்டதற்கு விதி வேறு. 2021 டிசம்பரில் சிலாங்கூரைப் புரட்டிய வெள்ளம் போல ஒன்று வந்து வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால், அதில் சாக்கடையும் கலந்திருக்கும். அந்தத் தண்ணீரில் ஊறிய படுக்கும் பாயை, அதுவும் குழந்தை படுப்பதை, மீட்க நினைக்கக் கூடாது. நாற்காலியில் சேறு காய்வதற்கு முன் குழாய்த் தண்ணீரால் கழுவிவிடலாம், இங்கே மட்டும் தண்ணீரைக் குறைக்க வேண்டாம். சேறு பின்னலில் இறுகிவிட்டால் எடுக்கவே முடியாது. ஒரு வாரம் காய்ந்த பிறகும் மூட்டில் மூக்கை வைத்தால் வாடை வந்தால் அந்த நாற்காலியை விட்டுவிட வேண்டியதுதான்.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

இந்த வேலையில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். புறங்கையை மூட்டின் மேலும், அருகில் உள்ள வெறும் பிரம்பின் மேலும் மாறி மாறி வைத்துப் பார்த்தால், ஈரமுள்ள இடம் சில்லென்று இருக்கும்.

இன்னும் நம்பகமானது எடை. பயணப்பெட்டி நிறுக்கும் சிறிய கொக்கித் தராசு இருந்தால், கழுவுவதற்கு முன் நாற்காலியை நிறுத்து எழுதி வைத்து, பிறகு தினமும் அதே நேரத்தில் நிறுக்கலாம். எடை குறைந்துகொண்டே வந்தால் தண்ணீர் இன்னும் வெளியேறுகிறது என்று பொருள். இரண்டு நாள் தொடர்ந்து ஒரே எடை காட்டினால் காய்ந்துவிட்டது. பாய்க்குத் தராசு வேண்டாம். அதன் மேல் ஒரு சாண் அகலப் பிளாஸ்டிக் தாளை வைத்து நாலு பக்கமும் ஒட்டுநாடா ஒட்டி, இரவு முழுவதும் விட்டால் போதும். காலையில் தாளின் உள்பக்கத்தில் பனி பூத்திருந்தால் பாயைச் சுருட்டக் கூடாது.

எண்ணெய் வேண்டாம்

காய்ந்த நாற்காலி மங்கலாகத் தெரியும். அப்போது தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுக்கத் தோன்றும். தேங்காய் எண்ணெய் எத்தனை நாள் விட்டாலும் உலர்ந்து படலமாகாது. பிசுபிசுப்பாகவே நின்று தூசியைப் பிடித்துக்கொள்ளும். எடுத்த தீனியை நாமே திரும்ப வைப்பதற்குச் சமம் அது. காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தாலே வெளித்தோலுக்கு இயல்பான பளபளப்பு வரும்.

தோல் தேய்ந்து சதை தெரியும் கைப்பிடிக்கும் கால்முனைக்கும் மட்டும் பாதுகாப்பு தேவை. எடை நின்று ஒரு வாரமாவது உலர்ந்த இடத்தில் வைத்த பிறகு, ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் நிறமற்ற வார்னிஷை அந்த இடங்களில் மெல்லியதாக ஒரு பூச்சு கொடுக்கலாம். கால்களின் வெட்டுமுனையை மறக்கக் கூடாது, தரையின் ஈரம் ஏறுவது அதன் வழியாகத்தான். ஈரம் இருக்கும்போது வார்னிஷ் அடித்தால் அது உள்ளேயே அடைபட்டு, பூச்சுக்கு அடியில் கறுப்பு படரும். பின்னிய இருக்கைக்குத் தடிப்பாக வார்னிஷ் வேண்டாம். உட்காரும்போது கீற்று வளைவதால் பூச்சு வெடித்துவிடும்.

பிறகு எங்கே வைப்பது என்பதுதான் மிச்சம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்துப் போட வேண்டும். பாயை நாள் முழுவதும் சிமெண்டுத் தரையில் விரித்தே விடக் கூடாது. காலையில் எழுந்ததும் எடுத்து ஒரு மணி நேரம் கொடியிலோ நாற்காலி முதுகிலோ தொங்கவிட்டு, மடிக்காமல் சுருட்டி, பலகை மேல் நிமிர்த்தி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி இருக்காது. மழை மாதங்களில் வாரம் ஒருமுறை நாற்காலியைக் கவிழ்த்து மூட்டுகளைப் பார்த்து, காய்ந்த துணியால் துடைத்துவிட்டால், அடுத்த தீபாவளிக்கு இந்த மூன்று நாள் வேலை தேவைப்படாது.